ஒரு கேஸ்கட் படம், ஒரு வார்த்தையும் இல்லை

சாயங்காலம் ஆறே முக்கால் இருக்கும். மண்டபத்தில் கடையைப் பாதி சாத்திவிட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சிமெண்டுத் தரையில் கறுப்பாக ஒரு குக்கர் கேஸ்கட். கீழே ஒரு வார்த்தை இல்லை. எண் மட்டும் ஞாபகம் இருந்தது, தங்கச்சிமடத்துப் பெண். போன வருசம் என்னிடம் மண்ணெண்ணெய் அடுப்புக்குத் திரி வாங்கியவர்.

இப்படிப் படம் மட்டும் வருவது எனக்குப் புதிதில்லை. பாத்திரமும் குக்கர் சாமான்களும் விற்று, ரிப்பேரும் பார்க்கிற கடை இது. எழுத வராதவர்கள், எழுத நேரமில்லாதவர்கள், அந்தச் சாமானுக்கு என்ன பெயர் என்று தெரியாதவர்கள் எல்லாரும் படத்தைத்தான் அனுப்புவார்கள். கீழக்கரைப் பக்கம் வெளிநாட்டில் இருக்கும் கணவருக்கு அனுப்பி, அவர் எனக்கு அனுப்பி வருவதும் உண்டு. படமே கேள்வி. அந்தக் கேள்வி என்ன என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"இது இருக்கா, என்ன விலை?" என்று கேட்கலாம். "இதையே திரும்பப் போடலாமா?" என்று கேட்கலாம். "இது ஏன் இப்படி ஆச்சு?" என்றும் கேட்கலாம். நான் பழக்கதோஷத்தில் முதல் கேள்வியாக எடுத்துக்கொண்டு, "5 லிட்டர் வெளிமூடி ரப்பர், 130 ரூபாய், இருக்கு" என்று தட்டியும்விட்டேன். அனுப்பும் முன்னால் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதுதான் கை நின்றது.

வளையத்தில் ஒரே ஓர் இடத்தில், சுண்டுவிரல் நீளத்துக்கு, ரப்பர் நாக்கை நீட்டியது போல வெளியே பிதுங்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் ஒழுங்காக, கனமாக இருந்தது. பிதுங்கிய இடம் மட்டும் மெலிந்து, இரண்டு ஓரத்திலும் நேர்கோட்டில் வெட்டுப்பட்டது போல அச்சு. உள்பக்கம் மஞ்சளாகப் பருப்பு காய்ந்து ஒட்டியிருந்தது.

இதைப் புரிந்துகொள்ள வெளிமூடிக் குக்கரின் மூடியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மூடியின் விளிம்பு வளைந்து உள்ளே ஒரு பள்ளம் இருக்கும், கேஸ்கட் அதற்குள் உட்காரும். அந்த விளிம்பின் பக்கச்சுவரில் ஓர் இடத்தில் நீளவாக்கில் சின்ன ஜன்னல் போல வெட்டியிருப்பார்கள். நிறையப் பேர் அதை அழகுக்கு என்று நினைப்பார்கள், சிலர் மூடி உடைந்திருக்கிறது என்று கடைக்கே கொண்டுவருவார்கள். அது கடைசிக் காவல். உள்ளே அழுத்தம் அளவு மீறிப் போனால், கேஸ்கட் அந்த ஜன்னல் வழியாக வெளியே பிதுங்கி ஆவிக்கு வழிவிடும். மூடி பறப்பதற்குப் பதிலாக ரப்பர் பிதுங்கும்.

ஆகவே இந்தப் படத்தில் இருந்தது பழசாகிப் போன கேஸ்கட் இல்லை. வயதான கேஸ்கட் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வளையம் முழுவதும் விறைத்து, பளபளப்புப் போய், வெளிப்பக்கமாக மடித்தால் மயிரிழை போல வெடிப்பு வெடிப்பாகத் தெரியும். அளவு பெரிய கேஸ்கட்டை அடித்து உட்கார வைத்திருந்தால் அது அலை அலையாக நெளிந்திருக்கும். இது இரண்டும் இல்லை. ஒரே இடத்தில், ஜன்னலின் அகலத்துக்கு, நேரான ஓரத்தோடு பிதுங்கல். அப்படியென்றால் குக்கருக்குள் வர வேண்டிய அழுத்தத்துக்கு மேல் வந்திருக்கிறது. வெயிட் தூக்கி ஆவி விடவில்லை. சேப்டி வால்வும் விடவில்லை. முன்னால் நிற்க வேண்டிய இரண்டு பேரும் கைவிட்ட பிறகு மூன்றாவதாக இந்த ரப்பர் வேலை செய்திருக்கிறது. இப்போது நான் 130 ரூபாய்க்குப் புது ரப்பர் கொடுத்தால், அந்தப் பெண்ணுக்குக் குக்கர் சரியாகிவிட்டது என்றுதான் தோன்றும். அடைப்பு அடைப்பாகவே இருக்கும்.

தட்டியதை அழித்துவிட்டுக் குரல் பதிவு போட்டேன். எழுதாதவருக்கு எழுதிப் பயனில்லை. "தங்கச்சி, அண்ணன் பேசுறேன். குக்கர் இப்ப அடுப்புல இருக்கா? இருந்தா முதல்ல அடுப்பை அணைங்க. அப்புறம் சொல்லுங்க."

கேஸ்கட் தனியாகத் தரையில் கிடக்கிறது, அதனால் குக்கர் திறந்துதான் கிடக்கும் என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது. கேள்வியை ஒரு சம்பிரதாயமாகத்தான் கேட்டேன். அரை நிமிசத்தில் பதில் வந்தது. "அடுப்புலதான்ணே இருக்கு. பழைய ரப்பர் ஒண்ணு டப்பாவுல கிடந்துச்சு, அத மாட்டி மறுபடி வச்சேன். விசில் வரல. ஓரத்துல லேசா ஆவி வருது. இப்ப அணைச்சுட்டேன். வெயிட்டத் தூக்கிப் பாத்தேன், சத்தமே இல்ல. தொறக்கவா?"

நான் உடனே போன் போட்டேன். "தொறக்காதீங்க. மூடியத் தொடாதீங்க. பிள்ளைகளை அடுப்படியை விட்டு வெளியே கூப்பிடுங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குத் தெரிந்து வீடுகளில் நடக்கும் மோசமான விபத்து இதுதான். வெயிட்டைத் தூக்கினால் "புஸ்" என்று ஆவி வர வேண்டும். வரவில்லை என்றால் உள்ளே ஆவி இல்லை, திறக்கலாம். எல்லாரும் அப்படித்தான் பழகியிருக்கிறோம், வழி திறந்திருக்கும்வரை அது சரியும்கூட. ஆனால் வெயிட் உட்காரும் அந்தக் குழாயே அடைத்திருந்தால், உள்ளே முழு அழுத்தம் இருந்தாலும் வெயிட்டைத் தூக்கும்போது சத்தம் வராது. ஆவி இல்லாததால் வரும் அமைதியும், அடைப்பினால் வரும் அமைதியும் காதுக்கு ஒன்றுதான்.

உள்மூடிக் குக்கராக இருந்தால் அழுத்தமே மூடியைக் கீழிருந்து விளிம்போடு இறுக்கிப் பிடிக்கும், கையால் திறப்பது கஷ்டம். வெளிமூடியில் அப்படி இல்லை. கைப்பிடி இறுக்கமாக இருக்கும், ஆனாலும் பலமாக முறுக்கினால் நகரும். ஆண்பிள்ளையைக் கூப்பிட்டு முறுக்கச் சொல்வார்கள். மூடி விடுபட்ட அந்தக் கணத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. குக்கரில் வழக்கமான அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரியில் இருக்கும். வெளியே வந்ததும் அது 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். அந்த மிச்சச் சூட்டில், உள்ளே 2 லிட்டர் இருந்தால் அதில் 70 கிராம் அளவு ஒரே நொடியில் ஆவியாகிவிடும். 70 கிராம் என்றால் அரை டம்ளருக்கும் கம்மி. ஆவியானால் அதுவே 100 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். அது பருப்பையும் தூக்கிக்கொண்டு முகத்துக்கு வரும். வெறும் தண்ணீர் உடம்பில் வழிந்து ஓடிவிடும், குழைந்த பருப்பு ஒட்டிக்கொண்டு சுடும்.

போனில் அவரிடம் கணக்கெல்லாம் சொல்லவில்லை. மூன்றே விஷயம் சொன்னேன். குக்கரை அடுப்பை விட்டு நகர்த்த வேண்டாம், இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மேலே தண்ணீர் ஊற்ற வேண்டாம், குழாயைக் குத்த வேண்டாம். அரை மணி நேரம் கழித்து, குனியாமல் கையை நீட்டிக் கைப்பிடியை லேசாக அசைத்துப் பார்க்க வேண்டும், சாதாரணமாக வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் திறக்கலாம், இறுக்கம் இருந்தால் இன்னும் கால் மணி நேரம். வெயிட்டின் பேச்சைக் கேட்க வேண்டாம், கைப்பிடியின் பேச்சைக் கேளுங்கள் என்றேன்.

அரை மணியில் இறுக்கமாகவே இருந்ததாம். ஏழே முக்காலுக்குத்தான் எந்தப் பலமும் இல்லாமல் திறந்தது. பருப்பு முக்கால் குக்கருக்கு நின்றதாம்.

சரி, இப்போது அவசரம் முடிந்தது. அப்புறம்தான் ரிப்பேர் பேச்சு. இன்னும் மூன்று படம் கேட்டேன். மூடியைக் கவிழ்த்து உள்பக்கம், மூடியின் மேல்பக்கம் வெயிட் இல்லாமல், குக்கர் அடியில் இருக்கும் எழுத்து. வாசலுக்குக் கொண்டுபோய்த் தெருவிளக்கில் எடுங்கள், அடுப்படி வெளிச்சத்தில் கறுப்பு கறுப்பாகத்தான் விழும் என்று சொன்னேன். எட்டாவது படிக்கும் மகன் எடுத்து அனுப்பினான். நன்றாக எடுத்திருந்தான்.

கவிழ்த்த மூடியின் படத்தில் சேப்டி வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட் இருந்தது.

சாதாரண இரும்பு போல்ட். மேலே வாஷர், கீழே நட்டு, சுற்றிலும் ஏதோ ஒட்டுமாவை அப்பியிருந்தார்கள். மூன்று வருசத்துக்கு முன்னால் சேப்டி வால்வு போய்விட்டது என்று தெருவில் வந்த ரிப்பேர்காரர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். அவர் 40 ரூபாய் வாங்கிக்கொண்டு, "இனிமே இது போகவே போகாது" என்று சொல்லிப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

சேப்டி வால்வு என்பது போவதற்காகவே வைத்திருக்கும் சாமான். வகைகள் உண்டு, இந்தக் குக்கருக்கு உரியது நடுவில் சீக்கிரம் உருகும் ஒரு கலப்பு உலோகத் துளியை வைத்து அடைத்தது. குக்கருக்குள் சூடு அளவு மீறினால், அலுமினியத்துக்கு ஒன்றும் ஆகும் முன்னால் அந்தத் துளி உருகி விழுந்து ஓட்டை திறந்துவிடும். அளவு மீறுவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, தண்ணீர் வற்றிக் குக்கர் வெறுமனே காய்வது. இன்னொன்று, குழாய் அடைத்து ஆவி வெளியே போகாமல் அழுத்தமும் அதோடு சூடும் ஏறுவது. வால்வு ஒருமுறை உருகினால் புது வால்வு போடுவது சுலபம், 50 ரூபாய்ச் சாமான். அது ஏன் உருகியது என்று பார்ப்பதுதான் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் போல்ட் போட்டால், உருக ஒன்றுமில்லை. மூன்று வருசமாக இந்த வீட்டில் குக்கருக்கு ஜன்னலும் ரப்பரும் மட்டும்தான் காவல்.

மறுநாள் காலையில் அவரே பஸ் ஏறிப் பாம்பன் பாலம் கடந்து, குக்கரைச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். மாமியாரும் கூட வந்திருந்தார்.

முதலில் குழாயைப் பார்த்தேன். மூடியைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, அடியிலிருந்து ஒரு கண்ணை வைத்துப் பார்த்தால் வெளிச்சம் வட்டமாக ஒரு புள்ளி தெரிய வேண்டும். ஒன்றும் தெரியவில்லை, இருட்டு. கம்பியை விட்டுக் குத்தினேன். முதலில் மஞ்சளாக மெத்தென்று பருப்புத் தோல் வந்தது. அதைத் தள்ளிய பிறகும் வெளிச்சம் முழு வட்டமாக இல்லை, பிறை போலத்தான் தெரிந்தது. சுற்றிலும் வெள்ளையாகக் கல் போல ஏதோ இறுகியிருந்தது. எலுமிச்சைச் சாற்றை வெந்நீரில் கலந்து, மூடியின் அந்த இடத்தை மட்டும் கால் மணி நேரம் ஊறவைத்துச் சுரண்டினேன். சின்னச் சின்னத் துணுக்காக உதிர்ந்தது.

இந்தக் கரைக்காரர்களுக்கு அந்த வெள்ளை என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. காவிரித் தண்ணீர் வருகிற நாளில் குடிக்கப் பிடித்து வைத்துக்கொள்வோம். பருப்பு வேகவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் போர் தண்ணீர்தான். அதில் இருக்கும் சுண்ணாம்பு, டீப்போடும் சட்டியில் வெள்ளைப் பூத்து நிற்கிறதே, அதேதான் குழாயிலும் படியும். ஒரு நாளைக்குத் தெரியாது. வருசக்கணக்கில் குழாயின் உள்வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். சுருங்கிய குழாய் வெறும் ஆவியை விட்டுவிடும், சோறு வைக்கும்போது விசில் வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. என்றைக்கு நுரைக்கிற பருப்பை அளவுக்கு மேல் போடுகிறோமோ அன்றைக்கு ஒரு தோல் போதும்.

"எவ்வளவு பருப்பு போட்டீங்க?" என்றேன். அன்று வீட்டில் விசேஷம், ஆள் அதிகம். வழக்கமாக இரண்டு தடவையாக வேகவைப்பதை ஒரே தடவையாகப் போட்டிருக்கிறார். தண்ணீரும் சேர்த்து முக்கால் குக்கர். காய்கறி, கறி என்றால் மூன்றில் இரண்டு பங்குவரை போகலாம். அரிசி, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு மாதிரி பொங்கி நுரைப்பதைப் பாதிக்கு மேல் போடக் கூடாது, தண்ணீரையும் சேர்த்துத்தான் பாதி. நுரை மூடியைத் தொட்டால் அது குழாய்க்குள் ஏறியே தீரும்.

குழாய் சுத்தமாகிவிட்டது. ரப்பர் புதிதாகப் போடலாம், வால்வு புதிதாகப் போடலாம். மொத்தம் 200 ரூபாய்க்குள் முடியும் வேலை. மாமியார் முகத்தில் அந்த நிம்மதி தெரிந்தது. எனக்கும் அப்படி முடித்துக்கொடுக்கத்தான் ஆசை. ஆனால் போல்ட்டைக் கழற்ற வேண்டும்.

நட்டு இறுகியிருந்தது, எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டித்தான் கழன்றது. கழன்றதும் வெள்ளைப் பொடி கொட்டியது. ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை மாதிரி ஆகியிருந்தது. அதன் ஓரம் பிஸ்கட் போல உதிர்ந்தது. இது ரிப்பேர்காரர் குடைந்ததால் மட்டும் ஆனதில்லை. இரும்பும் அலுமினியமும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு, நடுவில் உப்பு ஈரமும் இருந்தால் அரிப்பது அலுமினியம்தான். படகில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தெரியும், அலுமினியத் தகட்டில் இரும்பு ஆணி அடித்தால் ஆணியைச் சுற்றித்தான் முதலில் பொடியாகும். தங்கச்சிமடத்தில் கடல் இரண்டு பக்கமும் இருக்கிறது, அடுப்படி ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று. குக்கருக்குள் தினமும் உப்பும் புளியும் ஆவியும். உள்நாட்டில் பத்து வருசம் தாங்கியிருக்கக் கூடியது இங்கே மூன்று வருசத்தில் இப்படி ஆகிவிட்டது.

புது வால்வை எடுத்து ஓட்டையில் வைத்துக் காட்டினேன். ஒரு பக்கம் உட்கார்ந்தது, மறுபக்கம் ஆடியது. நட்டை இறுக்கினால் பிடிக்கும்தான். இரண்டு வாஷர் வைத்தால் கசியாமலும் நிற்கும். ஆனால் அதைப் பிடித்திருக்கும் ஓரம் பொடிந்துகொண்டிருக்கிறது. வால்வு உருகுவதற்கு முன்னால் வால்வே மூடியை விட்டுப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். அதனால் இந்த மூடிக்கு ரிப்பேர் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

மூடி மட்டும் வாங்கலாமா என்று அந்தப் பெண் கேட்டார். நியாயமான கேள்வி. சில கம்பெனி அதே அளவுக்கு மூடி தனியாகத் தருகிறது, ரப்பர், வெயிட், வால்வு எல்லாம் சேர்த்துப் புதுக் குக்கர் விலையில் பாதிக்குள் முடிந்துவிடும். உடம்பு நன்றாக இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். அடிப்பாத்திரத்தைக் கல்பலகையில் வைத்தேன். ஆடியது. அடி வெளியே புடைத்திருந்தது, நடுவில் நீலமும் கறுப்புமாகக் காய்ந்த தடம். எப்போதோ தண்ணீர் வற்றிக் காய்ந்திருக்கிறது, அன்றுதான் முதல் வால்வு உருகியிருக்க வேண்டும். விளிம்பில், மூடியின் பல் வந்து பிடிக்கும் இடத்தில், ஓர் ஒடுக்கு இருந்தது. தூக்கிப் போட்டதில் வந்ததாம். புது மூடி வாங்கினாலும் அந்த ஒடுக்கில் ரப்பர் சரியாகப் படியாது, ஆவி கசியும். கசிகிறதே என்று யாராவது ரப்பருக்கு அடியில் நூலைச் சுற்றுவார்கள், அல்லது தடித்த ரப்பராகத் தேடிப் போடுவார்கள். தடித்த ரப்பர் ஜன்னல் வழியாகப் பிதுங்காது. நேற்று காப்பாற்றிய அந்த ஒரு காவலும் போய்விடும்.

"எங்கம்மா சீர் கொடுத்ததுண்ணே," என்றார் அவர். அதற்கு நான் என்ன சொல்ல? அடிப்பாத்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள், கஞ்சி காய்ச்சலாம், வெந்நீர் போடலாம், தட்டு போட்டு மூடிக்கொள்ளுங்கள், அழுத்தம் இல்லாமல் எத்தனை வருசம் வேண்டுமானாலும் உழைக்கும் என்றேன். மூடியை மட்டும் என்னிடம் விட்டுவிடச் சொன்னேன்.

புதுக் குக்கர் இரண்டு தவணையாகக் கொடுத்தேன். அதே 5 லிட்டர், வெளிமூடி, ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டது. 2021 பிப்ரவரி முதல் வீட்டுக் குக்கர் எதுவானாலும் அந்த முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஐ.எஸ். 2347 என்ற எண் முத்திரையோடு சேர்ந்து இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சந்தையில் குவித்து வைத்து எடைக்குப் போடுவது போல விற்பதில் அது இருக்காது.

கொடுக்கும் முன்னால் கடையிலேயே அவர் கையால் ஒருமுறை ஓட்டிக் காட்டினேன். உள்ளே இரண்டு டம்ளர் தண்ணீர் மட்டும். மூடி போட்டு அடுப்பில் வைத்து, வெயிட் போடாமல் காத்திருக்கச் சொன்னேன். குழாய் வழியாக ஆவி நூல் பிடித்தது போல நேராக மேலே வந்தது. "இப்ப போடுங்க வெயிட்டை." இந்த மாதிரிக் குக்கரில் அப்படிப் போடச் சொல்லிக் கையேட்டிலேயே இருக்கும், அவசரத்தில் எல்லாரும் முதலிலேயே போட்டுவிடுகிறோம். ஆவி வந்த பிறகு வெயிட் போட்டால், குழாய் திறந்திருக்கிறதா என்ற பரிசோதனை தினமும் தானாகவே நடந்துவிடும். ஆவி வரவில்லை, ஓரத்தில் மட்டும் கசிகிறது என்றால் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான். கொஞ்ச நேரத்தில் விசில் வந்தது. விளிம்பில் ஒரு துளி இல்லை.

மாமியார் அவ்வளவு நேரமும் பேசாமல் இருந்தவர், கிளம்பும்போது கேட்டார்: "அப்ப ரப்பர் போச்சுன்னா குக்கரே போச்சா தம்பி?" இல்லை ஆத்தா. அப்படி யாரும் நினைத்துவிடக் கூடாது. எனக்கு வரும் கேஸ்கட் படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதில், அதே கம்பெனியின் அதே அளவு ரப்பர், அவ்வளவுதான். விசில் வரத் தாமதமாகிறது, ஓரத்தில் தண்ணீர் சொட்டுகிறது, ரப்பர் விறைத்திருக்கிறது, எங்கேயும் நாக்கு நீளவில்லை, குழாயில் வெளிச்சம் வட்டமாகத் தெரிகிறது, வால்வு அதன் இடத்தில் இருக்கிறது. இவ்வளவும் சரியென்றால் புது ரப்பரைப் பழையதன்மேல் வைத்து அளவு பார்த்து மாட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். அந்த நேரத்தில் ஊருக்குப் போகும் அவசரமாக இருந்தால், பழைய ரப்பரைக் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டெடுத்து மாட்டினால் ஒரு வேளை சமையல் ஆகும், அதையும் நான் சொல்லிக் கொடுக்கிறேன். எல்லாப் படத்துக்கும் "தூக்கிப் போடு, புதுசு வாங்கு" என்று பதில் சொன்னால், அடுத்த தடவை என்னிடம் படம் வராது. போல்ட் போடுகிறவரிடம் குக்கர் போகும்.

ஆனால் நாக்கு நீண்ட ரப்பரும், நடுவில் ஓட்டை விழுந்த வால்வும் அந்தக் கணக்கில் சேராது. அவை கெட்டுப்போன சாமான்கள் இல்லை, வேலையைச் செய்து முடித்த சாமான்கள். அந்த இரண்டில் ஒன்று படத்தில் இருந்தால், சாமானை விற்கும் முன்னால் மூடியைப் பார்க்காமல் நான் இப்போது விடுவதில்லை. படத்துக்கு முதல் பதில் விலை இல்லை, அடுப்பு எரிகிறதா என்ற கேள்விதான். ரப்பர் தரையில் கிடந்தாலும் கேட்கிறேன்.

அவர்கள் போன பிறகு அந்த மூடியின் பற்களை ரம்பத்தால் அறுத்துவிட்டுத்தான் பழைய சாமான்காரருக்குப் போட்டேன். இல்லையென்றால் அது எங்கேயாவது ஒரு குக்கரின்மேல் மறுபடி உட்காரும்.

நான்கு நாள் கழித்து அதே எண்ணிலிருந்து மறுபடி படம் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மூடி, எல்லாம் கவிழ்த்து வைத்து, வாசல் வெளிச்சத்தில் எடுத்தது. எதுவும் அவருடையது இல்லை, ஒவ்வொன்றும் வேறு வேறு தரை. இந்தத் தடவையும் ஒரு வார்த்தை இல்லை. ஒன்றில் வால்வு ஒழுங்காக இருந்தது. மற்ற இரண்டிலும் போல்ட். அடுப்பில் எதையும் வைக்க வேண்டாம் என்று குரல் பதிவு போட்டுவிட்டு, வால்வு டப்பாவையும் ஸ்பேனரையும் பையில் எடுத்துக்கொண்டு மதியம் வண்டியில் கிளம்பினேன்.